கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆயிரம் ரூபாய்

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அடிப்படை வருமானம் வழங்க வேண்டும் என்ற தலைப்பைக் கல்லூரிப் பொருளியல் மன்றத்தின் கரும்பலகையில் எழுதியதுமே, எதிரணி என்ன பேசும் என்று பாதி அரங்கத்துக்குத் தெரிந்துவிடும். சும்மா காசு கொடுத்தால் உழைப்பு குறையும், ஆண்கள் குடித்தே தீர்ப்பார்கள், அரசுக் கஜானா காலியாகும், விலைவாசி ஏறும். ஆதரவு அணி இந்த நான்குக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். தலைப்பின் முதல் பாதியை, அதாவது 'குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு' என்ற சொற்களை, இரு தரப்பிலும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

உண்மையான சண்டை இருப்பது அங்கேதான். யார் குறைந்த வருமானக் குடும்பம், அதை யார் எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடிக்கும்போது யார் விடுபடுகிறார்கள்? பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் முழுவதும் சோதனைகள் நடந்து ஓரளவு பதில் கிடைத்துவிட்டது. யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விதான் இன்னும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் இ-சேவை மையங்களிலும் நின்றுகொண்டிருக்கிறது. ஆதரவு அணியின் முதல் பேச்சாளராக ஒரு பொருளியல் மாணவி மேடையேறுகிறார் என்று வைத்துக்கொண்டு, அவருடைய பேச்சு எப்படி அமைய வேண்டும் என்று பார்க்கலாம்.

முதல் ஒன்றரை நிமிடத்தை அவர் மத்தியப் பிரதேசத்துக்குக் கொடுக்க வேண்டும்.

"நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்கள் குடியைப் பற்றிப் பேசப்போகிறார்கள். பேசுவதற்கு முன் அவர்களை இந்தூர்ப் பக்கத்து எட்டுக் கிராமங்களுக்கு அழைத்துப் போகிறேன்" என்று அவர் தொடங்கலாம். சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் உதவியோடு 2011இல் அங்கே ஒரு சோதனையைத் தொடங்கியது. கிராமத்தில் இருந்த எல்லாருக்கும், ஏழை பணக்காரர் என்று பார்க்காமல், வயதுவந்தவருக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய். ஓராண்டுக்குப் பிறகு அது 300, 150 என்று உயர்ந்தது. குழந்தையின் பணம் தாயின் பெயருக்குப் போனது. ஒப்பிட்டுப் பார்க்க, பணம் எதுவும் கொடுக்காத 12 கிராமங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தனியாக ஒரு பழங்குடிக் கிராமத்திலும் இதே சோதனை நடந்தது. எல்லாம் சேர்த்து 6,000 பேருக்கு மேல் பணம் பெற்றார்கள். எதற்காகச் செலவு செய்ய வேண்டும் என்று எந்த நிபந்தனையும் கிடையாது.

குடிக்கான செலவு கூடவில்லை. உணவு மேம்பட்டது, சிறுமிகளின் வயதுக்கேற்ற எடை கூடியது, பள்ளிச் செலவு ஏறியது, கடன் குறைந்தது. உழைப்பைப் பற்றிய விவரம்தான் இவற்றில் மிகச் சுவையானது. கூலி வேலை நேரம் சில குடும்பங்களில் குறைந்தது உண்மை. ஆனால் அந்த நேரம் திண்ணையில் கழியவில்லை. சொந்த நிலத்துக்கும் ஆடு மாட்டுக்கும் போனது. விதைப்புக் காலத்தில் கையில் காசு இல்லாத சிறு விவசாயி, விதைக்கும் உரத்துக்கும் பண்ணைக்காரரிடம் முன்பணம் வாங்குவார். வாங்கியதற்காக அதே பண்ணையில் குறைந்த கூலிக்கு வேலை செய்வார். அந்த நேரத்தில் அவருடைய சொந்த வயல் காத்துக் கிடக்கும். மாதம் தவறாமல் வரும் சில நூறு ரூபாய் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை அறுத்தது. தொகை சிறியது, ஆனால் வந்து சேரும் நாள் நிச்சயம். அந்த நிச்சயம்தான் வேலை செய்தது.

இது ஒரு சோதனை மட்டும்தானே என்று எதிரணி கேட்டால், அதற்கும் பதில் இருக்கிறது. அபிஜித் பானர்ஜி உள்ளிட்ட நான்கு பொருளியலாளர்கள் வளரும் நாடுகள் ஆறில் நடந்த ஏழு பணப்பரிமாற்றத் திட்டங்களின் தரவை 2017இல் மறுபடி அலசினார்கள். மக்கள் வேலையைக் குறைத்ததாக முறையான சான்று எதுவும் கிடைக்கவில்லை. மது, புகையிலைச் செலவு பற்றி வெளியான 19 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா இருவரும், பணம் பெற்றவர்கள் அந்தச் செலவைக் கூட்டவில்லை என்று கண்டார்கள்.

ஆனால் பேச்சாளர் ஒன்றை மறைக்கக் கூடாது. மறைத்தால் எதிரணி எடுத்து வீசும். அமெரிக்காவின் டெக்சஸ், இலினாய் மாநிலங்களில் குறைந்த வருமானம் உள்ள 1,000 பேருக்கு மூன்று ஆண்டுகள் மாதம் 1,000 டாலர் கொடுத்த ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. அங்கே வேலை நேரம் வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது. அங்கே குறைந்து இங்கே குறையாததற்குக் காரணம் தொகையின் அளவிலும் வாழ்க்கையின் அமைப்பிலும் இருக்கிறது. இந்தூரில் கொடுத்த தொகையை வைத்து யாரும் வேலையை விட முடியாது. வேலையை மாற்றிக்கொள்ளத்தான் முடியும். ஆகவே பேச்சாளர் தன் தரப்பின் எல்லையைத் தாமே சொல்லிவிடலாம்: 'சிறு தொகை, மாதாமாதம், ஏழை நாட்டில். இவ்வளவுக்குத்தான் நான் வாதாடுகிறேன்.' விவாத மேடையில் எல்லையைத் தானே வரைந்துகொள்பவரை அடிப்பது கடினம்.

விலைவாசிக்குக் கென்யா போதும். அந்த நாட்டின் மேற்கில் உள்ள சியாயா மாவட்டத்தில், கிவ் டைரக்ட்லி என்ற தொண்டு அமைப்பு 2014 முதல் 2017 வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு ஏறத்தாழ 1,000 டாலர் கொடுத்தது. அந்தப் பகுதியின் பொருளாதாரத்தோடு ஒப்பிட்டால் மிகப் பெரிய தொகை. விலை ஏறியது அரை விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. கடைகள் ஏற்கெனவே முழுத் திறனோடு இயங்கவில்லை என்பதே காரணம். வாடிக்கையாளர் இல்லாமல் பாதி நாள் சும்மா இருந்த மாவு மில்லும் மளிகைக் கடையும், வாங்க ஆள் வந்ததும் அதே விலைக்கு அதிகம் விற்றன. பணம் பெறாத அண்டை வீட்டுக்காரர்களின் நுகர்வும் கூடியது.

அந்தக் கென்யக் கிராமங்களில் யார் ஏழை என்பதை எப்படி முடிவு செய்தார்கள் தெரியுமா? கூரையைப் பார்த்து. ஓலைக்கூரை என்றால் பணம் உண்டு, தகரக்கூரை என்றால் இல்லை. பேச்சின் இரண்டாம் பாதி இந்தக் கூரையிலிருந்து தொடங்க வேண்டும்.

கூரை ஓர் அடையாளம். வருமானத்தை நேராக அளக்க முடியாத இடத்தில், வருமானத்தோடு ஒட்டி வரும் ஏதோ ஒன்றைப் பார்த்து ஊகிப்பது. எளிது, மலிவு, ஏமாற்றுவதும் கடினம். ஆனால் பட்டினி கிடந்து சேர்த்த காசில் மழைக்கு முன் தகரம் போட்டவர் வெளியே நிற்பார். ஒழுகாத ஓலைக்கூரையோடு ஓரளவு வசதியாக இருப்பவர் உள்ளே வந்துவிடுவார். எந்த அடையாளத்தை எடுத்தாலும் இந்த இரண்டு பிழைகளும் கூடவே வரும். தகுதியுள்ளவர் விடுபடுவது ஒன்று, தகுதியில்லாதவர் சேர்வது இன்னொன்று. இரண்டில் ஒன்றை இறுக்கினால் மற்றது தளரும்.

நம் ஊருக்கு வருவோம். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மாதாமாதம் நிபந்தனையின்றிப் பணம் கொடுக்கும் ஏற்பாடுகளில் இந்தியாவிலேயே பெரியவற்றுள் ஒன்று. குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய். பொருளியல் பாடநூலின்படி பார்த்தால் இது முழுமையான அடிப்படை வருமானம் ஆகாது. ஒவ்வொரு தனிநபருக்கும், எல்லாருக்கும் கொடுப்பதுதான் அது. ஆனால் மன்றத்தின் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேறில்லை.

தொடக்கத்தில் சுமார் 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தேர்வானார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான விண்ணப்பங்கள் தள்ளுபடி. மேல்முறையீடுகளுக்குப் பிறகு அதே ஆண்டு நவம்பரில் மேலும் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் சேர்க்கப்பட்டார்கள். அதாவது, முதல் சல்லடை தவறாகத் தள்ளியவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள் என்பதை அரசே ஏற்றுக்கொண்டது. திருத்திக்கொண்டதும் நல்லதுதான். ஆனால் மேல்முறையீடு செய்யத் தெரியாமலும், அலைய நேரமில்லாமலும் விட்டுவிட்டவர்கள் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள்.

அந்தச் சல்லடையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நன்செய் என்றால் 5 ஏக்கர், புன்செய் என்றால் 10 ஏக்கர், அதற்கு மேல் நிலம் கூடாது. வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. இவற்றோடு, அரசு ஊழியர், வருமான வரி கட்டுபவர், சொந்தக் கார் வைத்திருப்பவர் போன்றோரின் குடும்பங்கள் இல்லை என்று ஒரு விலக்குப் பட்டியலும் உண்டு.

திருப்பூரில் ஒரு குடும்பம் என்று கற்பனை செய்துகொள்ளலாம். மனைவி பனியன் கம்பெனியில் தையல், கணவர் பிரிண்டிங் பட்டறையில். இருவருக்கும் சேர்த்து மாதம் 20,500 ரூபாய். ஆண்டுக்கு 2,46,000. கோட்டுக்கு உள்ளே இருக்கிறார்கள், ஆண்டுக்கு 12,000 ரூபாய் உரிமைத் தொகை. தீபாவளிக்கு முன் ஏற்றுமதி ஆர்டர் குவிகிறது. மனைவி நைட் ஷிஃப்ட் ஓவர்டைம் பார்த்துக் கூடுதலாக 5,000 சம்பாதிக்கிறார். ஆண்டு வருமானம் 2,51,000. விதியை எழுத்துக்கு எழுத்து அமல்படுத்தினால் அவருடைய 12,000 போய்விடும். 5,000 சம்பாதித்து 12,000 இழந்தால், குடும்பம் 7,000 ரூபாய் ஏழையாகிறது. ஓவர்டைம் பார்த்ததற்குத் தண்டனை.

பேச்சாளர் இந்தக் கணக்கைக் கரும்பலகையிலேயே போட்டுக் காட்டலாம். எதிரணி பேசப்போகும் சோம்பேறித்தனத்தை உருவாக்கும் வல்லமை பணத்துக்கு இல்லை, இந்தக் கோட்டுக்குத்தான் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பொருளியல் பாடத்தில் இதற்கு ஒரு மருந்து சொல்லித்தருவார்கள். மில்டன் ஃப்ரீட்மன் அறுபதுகளில் பிரபலப்படுத்திய எதிர்மறை வருமான வரியின் அடிப்படை அதுதான்: தொகையை ஒரே வெட்டாக நிறுத்தாதே, சரிவாகக் குறை. இரண்டரை லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 20 காசு பிடித்துக்கொள் என்று வைத்தால், 2,51,000 சம்பாதிக்கும் திருப்பூர்க் குடும்பத்துக்கு 200 ரூபாய் மட்டும் குறைந்து 11,800 கிடைக்கும். 2,60,000 என்றால் 10,000. 3,10,000 ஆகும்போது தொகை பூஜ்யமாகிவிடும். யாரும் கூடுதலாக உழைத்ததற்காக நட்டப்பட மாட்டார்கள். காகிதத்தில் அழகான தீர்வு.

நடைமுறையில் அது நிற்காததற்குக் காரணமும் அந்தக் காகிதம்தான். சரிவாகக் குறைக்க வேண்டுமானால் ஒவ்வொரு குடும்பத்தின் வருமானமும் ரூபாய்க் கணக்கில், ஆண்டுதோறும் தெரிய வேண்டும். சம்பளச் சீட்டும் வருமான வரித் தாக்கலும் உள்ள நாடுகளில் அது முடியும். இங்கே வாரக்கூலியாகவும் பீஸ் ரேட்டாகவும் கையில் வாங்குபவரின் ஆண்டு வருமானம் அவருக்கே சரியாகத் தெரியாது. மழை பெய்த மாதம் கட்டட வேலை இல்லை, கல்யாண மாதத்தில் பந்தல் வேலை உண்டு. இந்த வருமானத்துக்குச் சான்றிதழ் எழுதச் சொன்னால் எழுதப்படுவது ஒரு மதிப்பீடுதான்.

அதனால்தான் கரண்ட் பில் பார்க்க வேண்டியதாகிறது. கென்யாவில் கூரை, தமிழ்நாட்டில் மீட்டர். ஆண்டுக்கு 3,600 யூனிட் என்றால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில் சராசரியாக 600 யூனிட். பொதுவாக ஏழை வீடு அதைத் தாண்டாது என்பது உண்மை. ஆனால் மீட்டர் வீட்டைக் கணக்கெடுக்கிறது, குடும்பத்தை அல்ல. ஒரே வீட்டில் மாமியார் ஒரு ரேஷன் கார்டு, மருமகள் ஒரு ரேஷன் கார்டு, மூத்த மகன் மேல்மாடியில் தகரக் கொட்டகை போட்டு இன்னொரு குடும்பம் என்று இருந்து, மூன்றுக்கும் மீட்டர் ஒன்றாக இருந்தால், மூன்று ஏழைக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வசதியான குடும்பத்தின் யூனிட்டைக் காட்டும். நேர்மாறாக, சென்னைப் புறநகரில் நல்ல வாடகை வாங்கிக்கொண்டு, தான் இருக்கும் போர்ஷனில் ஏசி இல்லாமல் வாழும் தம்பதிக்குக் கரண்ட் பில் குறைவாகத்தான் வரும்.

எந்தப் பிழை அதிகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? தகுதியில்லாதவர் வாங்கினால் தெருவுக்கே தெரியும், புகார் போகும், செய்தியும் வரும். தகுதியுள்ளவர் விடுபட்டால் அவர் மொபைலுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும், அவ்வளவுதான். ஆகவே எந்த அரசும் முதல் பிழையைக் குறைப்பதில்தான் கவனம் செலுத்தும். அதற்காகச் சல்லடையின் கண்ணைச் சிறிதாக்கும்போது இரண்டாவது பிழை சத்தமில்லாமல் கூடும். பொருளியல் மன்றத்தின் மேடையில் ஒருவர் சத்தமாகச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தபோது, இந்த மாநிலம் பிரிக்க மறுத்தது. அரிசி எல்லாருக்கும் என்றே நின்றது. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்த பிறகு ஸ்மார்ட் கார்டில் PHH, NPHH என்ற எழுத்துகள் வந்தன. முன்னுரிமைக் குடும்பம், முன்னுரிமை இல்லாத குடும்பம் என்று பொருள். ஆனாலும் NPHH கார்டுக்கும் விலையில்லா அரிசி தொடர்கிறது. NPHH-S என்றால் சர்க்கரை அட்டை. அரிசி வேண்டாம், கூடுதல் சர்க்கரை போதும் என்று குடும்பமே கேட்டு வாங்குவது. வசதியுள்ளவர்களை அரசு தேடிப் பிடித்து வெளியேற்றவில்லை. அவர்களாகவே ஒதுங்கினார்கள்.

அப்படியானால் ஆயிரம் ரூபாயையும் எல்லாருக்கும் அறிவித்துவிட்டு, வேண்டாதவர் தாமாக விலகட்டும் என்று விடலாமா? பல பேச்சாளர்கள் இந்த இடத்தில் இடறுவார்கள். ரேஷன் அரிசியை விட்டு வசதியானவர் விலகுவதற்குக் காரணம் பெருந்தன்மை மட்டுமல்ல. கடையில் நிற்க வேண்டும், பையைச் சுமக்க வேண்டும், கிடைக்கும் அரிசி அவர் சாப்பிடும் ரகமாக இருக்காது. அந்தச் சிரமமே அவரை விலக்கிவிடுகிறது. வங்கிக் கணக்கில் தானாக விழும் பணத்தில் அந்தச் சிரமம் இல்லை. ஆயிரம் ரூபாய் ஏழை வீட்டிலும் பங்களாவிலும் ஒரே ரகம். எனவே அரிசியில் வெற்றி பெற்ற வழி பணத்தில் வெற்றி பெறாது.

இன்னொரு வழி, எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வசதியானவரிடம் வரியாகத் திரும்ப வாங்கிக்கொள்வது. பாடநூலின்படி இதுவே மிகச் சிறந்தது. வாசலில் யாரையும் சல்லடை போட வேண்டாம். வரித் துறை பின்னால் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு மாநில அரசால் இதைச் செய்யவே முடியாது. விவசாய வருமானம் தவிர மற்ற வருமானத்துக்கு வரி போடும் அதிகாரம் அரசமைப்பின்படி ஒன்றிய அரசிடம் இருக்கிறது. மாநிலத்தில் விதிக்கப்படும் தொழில் வரிக்கும் ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று அரசமைப்பே உச்சவரம்பு போட்டிருக்கிறது. 12,000 கொடுத்து 2,500 திரும்ப வாங்கினால் கணக்கு நேராகாது. டெல்லியால் முடிவதைச் சென்னையால் செய்ய முடியவில்லை. தமிழ்நாடு சல்லடையோடு மல்லுக்கட்டுவதற்கு நிர்வாகத்தைக் குறை சொல்பவர்கள் இந்த அடிப்படைக் காரணத்தைப் பார்ப்பதில்லை.

டெல்லி இதை ஒருமுறை யோசித்தது. அரவிந்த் சுப்பிரமணியன் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்தபோது, 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை ஒரு முழு அத்தியாயத்தையே அடிப்படை வருமானத்துக்கு ஒதுக்கியது. நபருக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய், மக்கள் தொகையில் முக்கால் பங்குக்குக் கொடுத்தால் நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.9 விழுக்காடு ஆகும் என்று கணக்குப் போட்டது. எண்ணைவிட அதன் அணுகுமுறை இங்கே முக்கியம். ஏழையைத் தேடிச் சேர்ப்பதற்குப் பதிலாக, கார், ஏசி போன்ற கண்ணுக்குத் தெரிந்த சொத்துகளை வைத்து மேல்தட்டை மட்டும் விலக்கலாம் என்று அது யோசனை சொன்னது.

மாணவி மேடையில் நின்று பாதுகாக்க வேண்டிய நிலைப்பாடு இதுவே. "நடுவர் அவர்களே, ஏழையைக் கண்டுபிடிக்கும் கருவி எவரிடமும் இல்லை. ஆனால் பணக்காரரைக் கண்டுபிடிக்கும் கருவி அரசிடம் இருக்கிறது. அரசுச் சம்பளப் பட்டியல் இருக்கிறது, வருமான வரிப் பட்டியல் இருக்கிறது, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காரின் பதிவு இருக்கிறது. இந்தப் பட்டியல்களில் இருப்பவரை எடுத்துவிட்டு மற்ற எல்லாருக்கும் கொடுங்கள். வருமான உச்சவரம்பையும் மின் யூனிட்டையும் படிவத்திலிருந்து நீக்குங்கள். யாரும் தான் ஏழை என்று நிரூபிக்க வேண்டாம்."

சரி, செலவு? கைக்கணக்கே போதும். 2025இன் தொடக்கத்தில் உரிமைத் தொகை பெற்றுவந்த 1 கோடியே 15 லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 12,000 வீதம் 13,800 கோடி ரூபாய். மாநிலத்தில் உள்ள ரேஷன் கார்டுகள் சுமார் 2 கோடியே 20 லட்சம். அத்தனைக்கும் கொடுத்தால் 26,400 கோடி. கால்வாசிக் கார்டுகள் விலக்குப் பட்டியலில் போய்விடும் என்று வைத்துக்கொண்டால், மீதி 1 கோடியே 65 லட்சம் குடும்பங்களுக்கு 19,800 கோடி. ஆக, சல்லடையைத் தளர்த்துவதற்கான விலை ஆண்டுக்கு 6,000 கோடி. தமிழ்நாட்டின் 2025-26 வரவுசெலவுத் திட்டம் 41,000 கோடிக்கு மேல் வருவாய்ப் பற்றாக்குறையைக் காட்டியது. அந்தப் பள்ளத்தில் மேலும் 6,000 கோடி என்று எதிரணி எழுந்து கேட்டால், அது நியாயமான கேள்வி. 'மக்கள் நலனுக்குப் பணம் இல்லையா' என்ற வசனம் அதற்குப் பதிலாகாது. பணம் எங்கிருந்து வரும் என்று சொல்ல வேண்டும்.

அதற்கு முன், கொடுப்பது தொடங்கிய பிறகு நடக்கும் ஒன்றையும் பேச்சாளர் எடுத்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பலருக்குத் தெரியாது. நேரடிப் பணத் திட்டங்கள் பெரும்பாலும் யாரும் ரத்து செய்து சாவதில்லை. உயர்த்தப்படாமல் தேய்ந்து சாகின்றன. முதியோர் உதவித் தொகையில் 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். இந்தூர்ச் சோதனை தொடங்குவதற்கும் முன்பு நிர்ணயித்த தொகை, இன்னும் அதே 200. மாநில அரசுகள் தங்கள் பங்கைச் சேர்ப்பதால்தான் அந்தத் தொகைக்கு ஏதோ பொருள் இருக்கிறது. உரிமைத் தொகைக்கும் இதே ஆபத்து உண்டு. ஆண்டுக்கு 5 விழுக்காடு விலை ஏறினால், ஐந்து ஆண்டுகளில் 1,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பில் சுமார் 780 ரூபாய்ப் பொருள்தான் வாங்க முடியும். அரசு ஊழியரின் அகவிலைப்படி விலைக் குறியீட்டோடு ஏறுகிறது. ஏழைக் குடும்பத் தலைவியின் தொகையும் அப்படி ஏற வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே எழுதச் சொல்லித் தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கலாம்.

வந்த பணம் கைக்குச் சேர்வதிலும் ஓட்டை இருக்கிறது. 2023 செப்டம்பரில் முதல் தவணை விழுந்த உடனேயே, கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சொல்லிச் சில வங்கிகள் அந்த ஆயிரத்திலிருந்து அபராதம் பிடித்தன. அரசு தலையிட்டு, பிடிக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. கணக்கில் பணமே இல்லாதவருக்குக் கொடுத்த உதவி, கணக்கில் பணம் இல்லாத குற்றத்துக்காகப் பறிபோனது. பணப்பரிமாற்றத்தில் ஆதார், வங்கிக் கணக்கு, மொபைல் எண் என்று எத்தனை கண்ணிகள் சேர்கின்றனவோ, அத்தனை இடங்களில் பணம் சிக்கும்.

இனி அந்த 6,000 கோடி. ரேஷனையோ சத்துணவையோ வெட்டி இதற்குக் கொடுக்கலாம் என்று எதிரணி வலை விரித்தால், பேச்சாளர் அதில் விழக் கூடாது. விளைச்சல் பொய்த்து அரிசி விலை ஏறும் ஆண்டில், ரொக்கத்தின் மதிப்பு குறையும், 20 கிலோ அரிசியின் மதிப்பு கூடும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

தேட வேண்டிய இடம், வசதியுள்ளவருக்கும் போய்ச் சேரும் சலுகைகள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு மின் இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். நான்கு ஏசி ஓடும் வீட்டுக்கும் உண்டு, ஒரே ஆள் பெயரில் உள்ள இரண்டாவது இணைப்புக்கும் உண்டு. ஆண்டுக்கு 3,600 யூனிட் தாண்டிய குடும்பம் வசதியானது என்று ஆயிரம் ரூபாய் விண்ணப்பத்தைத் தள்ள அரசு பயன்படுத்தும் அதே கோடு, இலவச யூனிட்டை நிறுத்தப் பயன்படவில்லை. விவாதத்தில் இதைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கூட்டு மீட்டரில் சிக்கிய மூன்று ஏழைக் குடும்பங்களை இந்தக் கோடு இங்கேயும் அடிக்கும் என்று எதிரணி உடனே திருப்பும். திருப்பினால் நல்லது. ஏழைக்குத் தனி இணைப்பு கிடைப்பது எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் ஆகும், வீட்டு உரிமையாளரின் கையெழுத்து இல்லாமல் முடியுமா என்று பேச்சு அந்தத் திசையில் போகும். அந்த ஒரு யோசனையில் மட்டும் 6,000 கோடியும் கிடைத்துவிடாது. முத்திரைத்தாள் கட்டணம், ஆடம்பர வாகனங்களின் சாலை வரி, நகர்ப்புறச் சொத்து வரி என்று மாநிலத்தின் கையில் உள்ள மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, எதில் எவ்வளவு ஏற்ற முடியும், அதை யார் எதிர்ப்பார்கள் என்று மன்றம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். ஆதரவு அணியின் இரண்டாவது பேச்சாளருக்கு அந்தக் கணக்கை ஒப்படைத்துவிட்டு, முதல் பேச்சாளர் இருக்கைக்குத் திரும்பலாம்.